ரவுட்டரின் பெயர்ப்பட்டியலை நம்பலாமா?

நம் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். அதில் தெரியாத போன் ஒன்று இருக்கிறது, அதன் எதிரே ஒரு நீண்ட எண். MAC Filter என்ற பகுதிக்குப் போய் அந்த எண்ணை Deny பட்டியலில் சேர்த்துச் சேமிக்கிறார்கள். அந்த போன் உடனே துண்டிக்கப்படுகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றுகிறது. உண்மையில் அது தீரவில்லை.

அந்த நீண்ட எண்தான் மேக் முகவரி. வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று உண்டு. 00:00:5E:00:53:1A என்பதுபோல, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய 12 இலக்கங்கள். 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் அதில் வரலாம். முன்பாதி பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும், பின்பாதி அந்தக் கருவியைக் குறிக்கும். தொழிற்சாலையிலேயே சிப்பில் எழுதப்பட்டு வருவதால் இது கைரேகை போல மாறாதது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அங்கேதான் முதல் தவறு. சிப்பில் எழுதிய எண் அப்படியே இருக்கும். ஆனால் காற்றில் எந்த எண்ணைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்பதைத் தீர்மானிப்பது மென்பொருள். லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் பெரும்பாலும் இந்த மூன்று வரிகளே போதும்:

```
sudo ip link set dev wlan0 down
sudo ip link set dev wlan0 address 00:00:5e:00:53:1a
sudo ip link set dev wlan0 up
```

வைஃபையை அணைத்து, புது எண்ணைக் கொடுத்து, மறுபடி இயக்குகிறோம், அவ்வளவுதான். சொந்த லேப்டாப்பில் யாரும் செய்து பார்க்கலாம். அணைத்து இயக்கினால் பழைய எண் திரும்பிவிடும்.

இப்போது ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்வோம். இரண்டாம் மாடிக் குடும்பம் எப்போதோ எதிர்வீட்டு மாணவனுக்கு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டது. அவன் இரவெல்லாம் படம் தரவிறக்குகிறான், இவர்கள் வீட்டில் இணையம் மந்தமாகிறது. முகம் கொடுத்துச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அதனால் அவன் போனின் எண்ணை Deny பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

அவன் செய்ய வேண்டியது மிகச் சிறிது. ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்செயல் மேக் முகவரியைப் பயன்படுத்துவதா, போனின் உண்மையான முகவரியைப் பயன்படுத்துவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், ரவுட்டரின் பார்வையில் அவன் போன் இதுவரை பார்த்தே இராத புதிய போன். பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. உள்ளே வந்துவிடுவான்.

குடும்பம் அடுத்த படிக்குப் போகிறது. யார் வரக்கூடாது என்று சொல்வதை விட்டு, யார் வரலாம் என்று மட்டும் சொல்லும் Allow பட்டியலைப் போடுகிறார்கள். வீட்டிலுள்ள போன்கள், லேப்டாப், டிவி எல்லாவற்றின் எண்களையும் பொறுமையாகத் தட்டச்சு செய்கிறார்கள். இது உறுதியான ஏற்பாடாகத் தெரியும். தெரியாத எண்ணோடு வருபவரை ரவுட்டர் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே உள்ளே வர விரும்புகிறவனுக்கு, பட்டியலில் இருக்கும் எண்களில் ஒன்று தெரிய வேண்டும்.

அந்த எண்களை அந்த வீட்டுக் கருவிகளே நாள் முழுவதும் காற்றில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வைஃபையில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலமும் ஒரு கடித உறை மாதிரி. உள்ளே இருக்கும் கடிதத்தை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 போன்ற பாதுகாப்பு முறைகள் யாரும் படிக்க முடியாதபடி மறைத்துவிடும். உறையின் மேலே எழுதிய அனுப்புநர், பெறுநர் முகவரிகளை அவை மறைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் பல வீட்டு ரவுட்டர்களும் போன்களும் பேசுகின்றன. காதில் விழுவது தனக்கானதா என்று ஒவ்வொரு கருவியும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முகவரி வெளியே தெரிய வேண்டியிருக்கிறது. எவ்வளவு வலுவான பாஸ்வேர்டு வைத்தாலும் இது மாறாது.

வைஃபை அட்டைகள் பலவற்றைக் கேட்பு நிலையில் வைக்கலாம். எதிலும் இணையாமல், எதையும் அனுப்பாமல், சுற்றிலும் போகும் பொட்டலங்களை மட்டும் கவனிக்கும் நிலை அது. எந்த ரவுட்டருடன் எந்தெந்தக் கருவிகள் பேசுகின்றன என்று பட்டியலிட்டுக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. வலைப்பின்னல் பொறியாளர்கள் பழுது பார்க்க அன்றாடம் பயன்படுத்துபவைதான் அவை. சில நிமிடம் கேட்டாலே, குடும்பம் உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியலின் பெரும்பகுதி எதிர்வீட்டுத் திரையில் வந்துவிடும். கேட்பவன் எதையும் அனுப்பாததால் ரவுட்டரில் ஒரு தடயமும் இருக்காது.

பிறகு அவன் அப்பாவின் லேப்டாப் அலுவலகத்துக்குப் போகும்வரை காத்திருந்து, அந்த எண்ணைத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்கிறான். பட்டியலில் உள்ள எண், சரியான பாஸ்வேர்டு. ரவுட்டருக்கு மறுக்கக் காரணமே இல்லை.

இது நடக்கிறதா என்று வீட்டுக்காரர் கண்டுபிடிக்க இரண்டு அறிகுறிகள் உண்டு. ஒன்று, வெளியே போயிருக்கும் லேப்டாப் ரவுட்டரின் பட்டியலில் இணைந்ததாகக் காட்டுவது. இரண்டாவது, அசலும் நகலும் ஒரே நேரத்தில் இருக்கும்போது நடப்பது. ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் வந்தால், புதிதாக இணைவதைப் பார்த்து ரவுட்டர் பழைய இணைப்பைக் கைவிடும். அது திரும்ப இணைந்தால் மற்றது அறுந்துவிடும். ஒரு லேப்டாப்பில் மட்டும் காரணமில்லாமல் வைஃபை மாறி மாறி அறுந்தால் இதையும் சந்தேகிக்கலாம். சிக்னல் குறைவாலும் அப்படி நடக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து யார்மீதும் பழி போட்டுவிடக் கூடாது.

இந்தக் கதையில் மாணவனை உள்ளே விட்டது எது என்று பாருங்கள். எண்ணைத் திருடியதால் மட்டும் அவன் வரவில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றிருப்பான். பாஸ்வேர்டின் தன்மை வேறு. இணையும்போது அது காற்றில் ஒருமுறைகூட அனுப்பப்படுவதில்லை. ரவுட்டரும் போனும் தமக்குள் ஒரு கணக்கைப் போட்டு, இருவருக்கும் அதே ரகசியம் தெரியும் என்பதை நிரூபித்துக்கொள்கின்றன. மேக் முகவரியிலோ நிரூபணமே கிடையாது. கருவி தன் பெயரைச் சொல்கிறது, ரவுட்டர் நம்பிவிடுகிறது. ஆக, பாஸ்வேர்டு தெரியாதவரை நிறுத்த ஃபில்டர் தேவையில்லை; தெரிந்தவர் மனம் வைத்தால் ஃபில்டர் அவரை நிறுத்தாது.

அது திட்டமாக நிறுத்துவது வீட்டுக்காரர்களைத்தான். ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தம் உண்மை எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்செயல் எண்ணைக் கொடுக்கின்றன. ஒரே எண்ணைக் கொண்டு கடைக்குக் கடை ஒருவரைப் பின்தொடர முடியாமல் செய்யும் நல்ல ஏற்பாடு இது. அந்த எண்ணை அடையாளம் காண்பதும் எளிது: 7A:3C என்பதுபோல, இரண்டாவது இலக்கம் 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். போனை முழுவதும் அழித்து மீட்டமைத்தால் எண் மாறலாம், Allow பட்டியலில் சேர்த்த அம்மாவின் போன் ஒருநாள் திடீரென்று இணைய மறுக்கும். இதைத் தவிர்க்க அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. வலுவில்லாத ஒரு தடுப்புக்காக உண்மையான ஒரு பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபில்டரால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். அமைப்புகளைத் தொடத் தெரியாத சிறு குழந்தையின் டேப்லெட்டை இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்திவைக்க அது உதவும். வீட்டுப் பாதுகாப்பை அதன் பொறுப்பில் விடுவதுதான் தவறு. பிறர் நம் வைஃபைக்குள் வருவது தரவிறக்க வேகத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப் போன விசாரணை, நவி மும்பையில் வாழ்ந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய பாதுகாப்பற்ற வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

ஆகவே கவனம் பாஸ்வேர்டின்மேல் இருக்கட்டும். அதிலும் ஒரு பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும்: கைபேசி எண்ணை வைஃபை பாஸ்வேர்டாக வைப்பது. டபிள்யூபிஏ2 முறையில், பக்கத்தில் இருப்பவர் இணைப்பு நேரத்துப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்க முடியும். அந்தச் சோதனை ரவுட்டருக்கு வெளியே நடப்பதால் மேக் ஃபில்டருக்கு அங்கே வேலையே இல்லை. 2021இல் சைபர்ஆர்க் நிறுவன ஆய்வாளர் இடோ ஹூர்விச், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் 5,000 வைஃபைகளின் தகவல்களைச் சேகரித்து, ஏறக்குறைய 70 சதவீதத்தின் பாஸ்வேர்டுகளைக் கண்டறிந்தார். அவற்றில் ஏராளமானவை கைபேசி எண்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால் மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருந்தாலும், வினாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும் வேலை.

எதிர்வீட்டு மாணவன் விஷயத்துக்கு வழி இதுதான். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து, 20 எழுத்துகளுக்குக் குறையாமல் வையுங்கள். உங்களுக்கு நினைவிருக்கும், பிறரால் ஊகிக்க முடியாது. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபை இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால் பழைய வழி திறந்தே கிடக்கும். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். WPS என்ற வசதியை அணையுங்கள், ரவுட்டர் அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். விருந்தினருக்கென்று Guest Network இருந்தால் அதற்குத் தனி பாஸ்வேர்டு வைத்து, கேட்பவர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள். வீட்டுக் கருவிகளை எல்லாம் மறுபடி இணைக்க ஒரு மாலைப் பொழுது போகும். அந்த வேலை முடிந்ததும் மேக் ஃபில்டரைத் தயங்காமல் அணைத்துவிடலாம்.