இருபத்தொரு மாதம் காசு வரவில்லை. ஆனால் சம்பளம் ஏறியது

ஊதியக் குழுவின் நிலுவை வங்கிக் கணக்கில் விழுந்ததும், தொகை சரியா என்று பார்க்காமலே விட்டுவிடுகிற ஆசிரியர்கள் பலர். அலுவலகம் போட்ட கணக்குத் தப்பாது என்ற நம்பிக்கை ஒரு காரணம், கேட்டால் மனத்தாங்கல் வருமோ என்ற தயக்கம் இன்னொன்று. 2017 ஊதிய மாற்றத்தில் தவறு எங்கே நுழையும் என்பது தெரிந்துவிட்டால், அதை ஒரு பக்கக் கடிதத்தில் யாரையும் புண்படுத்தாமல் கேட்டுவிடலாம்.

அந்த மாற்றத்துக்குத் தமிழக அரசு 11.10.2017 அன்று வெளியிட்ட அரசாணை 303 அடிப்படை. புதிய ஊதியம் 1.1.2016 முதல் கருத்தியலாக நிர்ணயிக்கப்படும், பணப்பயன் 1.10.2017 முதல்தான் என்றது அது. இடைப்பட்ட 21 மாதத்துக்குப் பணம் கிடையாது. அதைக் கொடு என்பது 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அது அரசின் கொள்கை முடிவு. பள்ளி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் அந்த 21 மாதத்தில் வந்த ஆண்டு ஊதிய உயர்வுகள் கணக்கில் சேர்ந்தே ஆக வேண்டும். கருத்தியல் என்றாலே கணக்கில் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் ஓர் உயர்வு விட்டுப்போகிறது.

ஒரு பட்டதாரி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். 1.1.2016 அன்று அவருடைய பழைய ஊதியம் 15,210, தர ஊதியம் 4,600, ஆக 19,810 ரூபாய். இதை 2.57ஆல் பெருக்கினால் 50,912 வருகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு உரிய 16ஆம் நிலையில் 50,400-க்கு அடுத்த கட்டம் 51,900. பெருக்கி வந்த தொகை கட்டத்தில் இல்லாவிட்டால் அடுத்த மேல் கட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 1.1.2016 அன்று அவர் ஊதியம் 51,900.

அவருக்கு ஊதிய உயர்வு ஜூலையில். 1.7.2016 அன்று 53,500, 1.7.2017 அன்று 55,100. பணப்பயன் தொடங்கும் 1.10.2017 அன்று 55,100 இருக்க வேண்டிய இடத்தில் அலுவலகம் 53,500 என்று போட்டிருந்தால் மாதம் 1,600 குறைகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 5 விழுக்காடு அகவிலைப்படியோடு மாதம் 1,680. அடுத்த ஜனவரி முதல் 7 விழுக்காடு, ஆக 1,712. 2018 மார்ச் வரையான ஆறு மாதத்துக்கு மட்டும் 10,176 ரூபாய். அடுத்த உயர்வும் தவறான கட்டத்திலிருந்தே தொடங்கும் என்பதால் யாராவது கவனிக்கும்வரை இழப்பு நிற்காது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குப் பாதிப்பு இன்னும் ஆழமானது. ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில்தான் 10 விழுக்காடு பிடிக்கிறார்கள், அரசின் பங்கும் அதே அளவு. ஓய்வுக்காலச் சேமிப்பு இரு பக்கமும் குறைகிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சம்பளப் பட்டியலில் உள்ள அடிப்படை ஊதியத்தை உங்கள் நிலைக்குரிய ஊதிய அட்டவணையில் தேடுங்கள். அந்த எண்ணே அங்கு இல்லையென்றால் நிர்ணயமே பிழை. இருந்தால், 1.1.2016 கட்டத்திலிருந்து எத்தனை கட்டம் இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பணிப்பதிவேட்டில் உள்ள உயர்வுகளோடு ஒப்பிடுங்கள். இடையில் தேர்வுநிலையோ பதவி உயர்வோ வந்திருந்தால் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த நாளிலிருந்து புதிய ஊதியத்துக்கு விருப்பம் தெரிவித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் தலைமையாசிரியருக்கு இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய அய்யா,

பொருள்: ஊதிய நிர்ணயம் – 1.7.2017 ஆண்டு ஊதிய உயர்வு விடுபட்டது – நிலுவையை மறுசரிபார்க்கக் கோருதல்.

பார்வை: அரசாணை (நிலை) எண் 303, நிதித் (ஊதியப் பிரிவு) துறை, நாள் 11.10.2017.

எனது ஊதியம் 1.1.2016 அன்று ரூ.51,900 என நிர்ணயிக்கப்பட்டது. 1.7.2016, 1.7.2017 ஆகிய நாள்களின் உயர்வுகளுக்குப் பின் 1.10.2017 அன்று ரூ.55,100 பெற வேண்டும். நிலுவைப் பட்டியலில் ரூ.53,500 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பணிப்பதிவேட்டை ஒப்பிட்டு, வேறுபாட்டுத் தொகைக்குத் துணைப் பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

பெற வேண்டியது, பெற்றது, வேறுபாடு என்று மாதவாரியாக ஒரு பட்டியலும், பணிப்பதிவேட்டில் உயர்வு பதிந்த பக்கத்தின் நகலும் இணைப்பில் இருக்கட்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால் எழுத்தர் பழைய கோப்புகளைத் தேட வேண்டியதில்லை. யார் தவறு, எப்படி நேர்ந்தது என்பதெல்லாம் கடிதத்தில் வேண்டாம். 'நிலுவை குறைவாக உள்ளது' என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்த நாள், எந்தத் தொகை என்று சொல்லும் கடிதத்துக்கு அலுவலகம் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதத்தை இரண்டு படியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.