இரண்டு சைலன்சர் இருந்தால் ஜாவாவா?

பழைய வண்டி விற்கும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் படம் ஒன்று உண்டு. சிவப்பு நிற பைக். வட்டமான ஹெட்லைட். இரு பக்கமும் குரோம் பளபளக்கும் பெட்ரோல் டேங்க். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். கீழே ஒரே வரி: ‘1968 ஜாவா, ஓடும் நிலையில், விலை ரூ.2.20 லட்சம்.’ படத்தில் இருப்பது உண்மையிலேயே ஜாவாவா, அந்த விலை நியாயமா என்பதை வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்பே பெருமளவு சொல்லிவிட முடியும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் நம்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது டேங்க் மேல். வண்டியின் முகமே அதுதான், பெயரும் அதில்தான் இருக்கிறது. ஆனால் நாலு போல்ட்டைக் கழற்றினால் மாறிவிடும் பொருளும் அதுவே. ஹெட்லைட்டை மாற்ற இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. இன்ஜினையும் அதிலிருந்து சைலன்சர் கிளம்பும் விதத்தையும் மாற்ற வேண்டுமென்றால் வண்டியையே மாற்ற வேண்டும். ஆகவே படத்தைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பதே சரி. முதலில் சைலன்சர், அப்புறம் ஹெட்லைட், கடைசியில் டேங்க்.

சைலன்சரில் இருந்து தொடங்குவோம். நம் சாலைகளில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சைலன்சர்தான். இரண்டு சைலன்சர் தெரிந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பழைய ஜாவா, அதன் வாரிசான யெஸ்டி, ராஜ்தூத் 350, 2018-ல் மறுபடி வந்த புது ஜாவா, அதே ஆண்டில் வந்த ராயல் என்ஃபீல்டின் 650 சிசி வண்டிகள். பழைய வண்டி என்று விளம்பரத்தில் வருவது அநேகமாக இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு சைலன்சர் என்றால் இரண்டு சிலிண்டர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ராஜ்தூத் 350-க்கும் என்ஃபீல்ட் 650-க்கும் அது பொருந்தும். ஜாவாவுக்கும் யெஸ்டிக்கும் பொருந்தாது. அவற்றில் இருப்பது ஒரே சிலிண்டர். அந்த ஒரு சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வழிகள் வைத்து, இடமும் வலமுமாக இரண்டு குழாய்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். முன்பக்கம் இருந்து எடுத்த படம் கிடைத்தால் இது தெளிவாகத் தெரியும். ஜாவாவில் ஒரே சிலிண்டரின் வயிற்றில் இருந்து இரு குழாய்களும் பிரிந்து இறங்கும். ராஜ்தூத் 350-ல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு ஸ்பார்க் பிளக் இருக்கும்.

பக்கவாட்டுப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கிக்கரைத் தேடுங்கள். பழைய ஜாவாவிலும் யெஸ்டியிலும் கிக்கருக்கும் கியருக்கும் சேர்த்து ஒரே லிவர், அதுவும் இடப்பக்கம். லிவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், வண்டி கிளம்பிய பின் கீழே மடக்கினால் கியர். இந்த அமைப்பு நம் ஊரில் வேறு எந்தப் பிரபலமான வண்டியிலும் கிடையாது. வலப்பக்கம் தனியாகக் கிக்கர் தொங்கினால், டேங்கில் என்ன எழுதியிருந்தாலும் அது ஜாவா இன்ஜின் இல்லை. ராஜ்தூத் 350-க்குக் கிக்கர் வலப்பக்கம். புது ஜாவாவுக்குக் கிக்கரே கிடையாது.

புது ஜாவாவைப் பழசென்று ஏமாந்து வாங்குபவர்கள் குறைவு. ஆனாலும் தூரத்தில் இருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா, இன்ஜினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய ஜாவாவில் இரண்டும் இல்லை. அதன் செயின் முழுவதும் தகரக் கவசத்துக்குள் மறைந்திருக்கும். இன்ஜினின் பக்கமூடி முட்டை வடிவத்தில் வழவழவென்று இருக்கும்.

அடுத்தது ஹெட்லைட். ஜாவாவையும் யெஸ்டி ரோடு கிங்கையும் பிரித்துக் காட்டுவது இதுதான். ஜாவாவின் ஹெட்லைட் தனியாக நிற்காது. முன் ஃபோர்க்கின் மேல்மூடியோடு சேர்ந்து ஒரே கூடாக வழிந்து வரும், அந்தக் கூட்டின் தலையிலேயே ஸ்பீடோமீட்டர் பதிந்திருக்கும். ரோடு கிங்கில் வட்ட விளக்கு தன் பாட்டுக்குத் தனியாக நிற்கும், மீட்டர்கள் அதற்குப் பின்னால் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் தனியே இருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். செக் நாட்டு ஜாவா நிறுவனத்தின் அனுமதியோடு மைசூரில் ஐடியல் ஜாவா என்ற ஆலை 1960-களின் தொடக்கத்தில் இந்த வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1970-களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் மாறியது பெயர்தான், வண்டி ஏறக்குறைய அதேதான். 1978-ல் வந்த ரோடு கிங்கில்தான் உருவமும் மாறியது. மைசூர் ஆலை 1996-ல் மூடப்பட்டது.

ஆகவே ஆரம்பகால யெஸ்டியையும் ஜாவாவையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். ரோடு கிங்கைப் பிரிப்பது சுலபம். ஹெட்லைட்டோடு சக்கரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜாவாவுக்கு 16 அங்குலச் சக்கரம். வண்டி தாழ்ந்து, உருண்டு திரண்டு தெரியும். ரோடு கிங்குக்கு 18 அங்குலம். மட்கார்டுக்குக் கீழே சக்கரம் உயர்ந்து, வண்டி எழுந்து நிற்பது போல இருக்கும்.

இப்போது டேங்குக்கு வருவோம். ஜாவாவின் டேங்க் பேரிக்காயைப் படுக்க வைத்தது போல முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் ஒடுங்கும். பக்கங்களில் குரோம், முட்டி உரசும் இடத்தில் ரப்பர் பட்டை. ரோடு கிங்கின் டேங்க் இன்னும் நீண்டு, முதுகு தட்டையாக இருக்கும். ராஜ்தூத் 350-ன் டேங்கும் நீளமானதுதான், பக்கத்தில் வண்ணக் கோடுகள் ஓடும்.

இப்போது அந்த 2.20 லட்சம் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சைலன்சர், ஒரு சிலிண்டர், இடப்பக்கம் ஒரே லிவர். சரி, மைசூர் வண்டி என்பதில் சந்தேகம் இல்லை. மேலே போனால் ஹெட்லைட் தனியாக நிற்கிறது, மீட்டர்கள் பின்னால் இருக்கின்றன. சக்கரம் பெரிது. டேங்க் மட்டும் அச்சு அசல் ஜாவா. டேங்க்கின் பின்முனை சீட்டோடு ஒட்டாமல், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இது ரோடு கிங் வண்டியில் ஜாவா டேங்க்கை ஏற்றிய கலவை. ரோடு கிங் வந்ததே 1978-ல் என்பதால் 1968 என்ற ஆண்டும் பொய்யாகிவிடுகிறது.

நம்பர் பிளேட் தெரிந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. டிஎன் என்ற எழுத்தும் இரண்டு இலக்க அலுவலக எண்ணும் சேர்ந்த இப்போதைய முறை 1989-ல்தான் வந்தது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்துகளும் அதன் பின் எண்ணும்தான். 1968 வண்டி என்று சொல்லிவிட்டுப் புது முறை எண்ணைக் காட்டினால், மறுபதிவு ஏன் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம், ஆவணத்தோடு சொல்லட்டும்.

இனி விலை. பழைய வண்டிக்கு நிலையான விலை கிடையாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் சுமாரான ஓர் எல்லை உண்டு. காகிதங்கள் சரியாக இருந்து ஓடும் நிலையில் உள்ள ரோடு கிங் சுமார் 50 ஆயிரத்தில் இருந்து 1.20 லட்சம் வரை போகும். ஜாவா என்றால் 80 ஆயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சம். அசல் பாகங்களோடு நன்றாக ரெஸ்டோர் செய்த ஜாவாவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேலும் கேட்பார்கள், கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ராஜ்தூத் 350 இவற்றுக்கெல்லாம் மேலே, இரண்டு லட்சத்துக்குக் கீழே நல்ல வண்டி கிடைப்பது அரிது. 2018-ல் டெல்லி ஷோரூம் விலையாக 1.64 லட்சத்துக்கு அறிமுகமான புது ஜாவா இப்போது பழைய விலைக்கு ஒரு லட்சத்தை ஒட்டிக் கிடைக்கும்.

நம் கலவை வண்டிக்கு இந்தக் கணக்கில் என்ன விலை? அதை ரோடு கிங்காகத்தான் மதிக்க வேண்டும். அதிலும் அசல் டேங்க் போய்விட்டது, தேடி வாங்க வேண்டும். இன்ஜினின் நிலை படத்தில் தெரியாது. பிஸ்டன், ரீபோர், கிராங்க் என்று இறங்கினால் பல ஆயிரம் ஆகும் என்பதையும் கழித்தாக வேண்டும். 60, 70 ஆயிரத்துக்கு மேல் பேசத் தேவையில்லை. அதாவது கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே.

படத்தால் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ராஜ்தூத் 350-ல் அதிக சக்தியுள்ள முந்தைய வகை, சக்தி குறைத்த பிந்தைய வகை என்று இரண்டு உண்டு. விலையிலும் வித்தியாசம் உண்டு. பக்கவாட்டுப் படத்தை வைத்து இரண்டையும் பிரிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதை நேரில்தான் பார்க்க முடியும். சேசிஸ் நம்பர் குத்திய இடத்தில் புதிதாகத் தேய்த்த தடமோ, அங்கே மட்டும் தடித்த பெயின்ட்டோ தெரிந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் அபராதமும் அலைச்சலும் வாங்குபவர் தலையில் விழும்.

அதனால் விளம்பரம் கொடுத்தவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் நாலு படம் கேளுங்கள். நேர் முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், ஆர்.சி.யில் வண்டியின் பெயரும் ஆண்டும் உள்ள பகுதி. நாலையும் தயங்காமல் அனுப்புபவரிடம் பேரம் பேசலாம். டேங்க் படத்தை மட்டுமே திரும்பத் திரும்ப அனுப்புபவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.