'மாதம் 2,200 மட்டும்'

மே மாதக் கடைசியில் டியூஷன் சென்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவிப்பு வரும். முதல் பத்தி முழுக்கப் போன வருடப் பொதுத்தேர்வில் யார் யார் எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்ற பெருமை. அடுத்த பத்தி 'வாடகை, ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றின் உயர்வைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கும். புதிய கட்டணம் அதற்கும் கீழே, அதுவும் 'மாதம் 2,200 ரூபாய் மட்டும்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு மேல் பெற்றோர் பெரும்பாலும் படிப்பதில்லை. படிக்க வேண்டியதோ அதற்குப் பிறகுதான்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் நடத்தும் சிறிய சென்டர், மாணவர்கள் 100 பேர். போன வருடம் ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதத்துக்கு 18,000 ரூபாய். மாதாமாதம் 1,800 கட்டினாலும் மொத்தம் அதேதான். இந்த வருடம் மூன்று வழிகள் தருகிறார்கள். ஜூனில் ஒரே தடவையாகக் கட்டினால் 20,000. ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு தவணையாகக் கட்டினால் 10,500 வீதம் 21,000. மாதத் தவணை என்றால் 2,200 வீதம் பத்து மாதம், ஆக 22,000.

அறிவிப்பில் 'கட்டணம் சிறிதளவு உயர்த்தப்படுகிறது' என்றுதான் இருக்கும். மொத்தமாகக் கட்டுகிறவருக்கு உயர்வு 2,000 ரூபாய், அதாவது 11 சதவீதம். மாதாமாதம் கட்டுகிறவருக்கு 4,000 ரூபாய், 22 சதவீதம். கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கே உயர்வு இரண்டு மடங்காக விழுகிறது. தவணை வசதி என்ற பெயரில் இது உள்ளே நுழைவதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இதை நம் ஊர் வட்டிக் கணக்கில் பார்த்தால் சட்டென்று விளங்கும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. ஜூனில் 20,000 கட்டுவதற்குப் பதில் மாதம் 2,200 கட்டுகிறவர் ரெண்டு வட்டிக்குச் சற்று மேலேயே கொடுக்கிறார். இரண்டு தவணைதான் நடுவாந்தரம் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஜூனில் 10,500 கட்டிவிட்டால் பாக்கி 9,500. அதற்கு நான்கு மாதம் கழித்து 10,500 கொடுக்கிறீர்கள். 9,500க்கு நான்கு மாதத்தில் 1,000 ரூபாய் என்றால் இரண்டரை வட்டியைத் தாண்டுகிறது. மூன்று வழிகளில் மிகவும் விலை கூடியது இதுதான். வங்கியில் நகைக்கடன் பொதுவாக ஒரு வட்டிக்குள்ளேயே கிடைக்கிறது. வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால் அதை வங்கியில் வைத்து மொத்தமாகக் கட்டிவிடுவதே லாபம்.

சென்டர்காரர் பக்கமும் நியாயம் உண்டு. மாதத் தவணையில் சேர்ந்தவர்களில் சிலர் பொங்கல் முடிந்ததும் வருவதைக் குறைப்பார்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. கடைசி இரண்டு மாதக் கட்டணம் வராமல் போனால் பிள்ளையைத் தேர்வு நேரத்தில் வெளியே நிறுத்தவும் மனம் வராது. அந்த நஷ்டத்தை முன்கூட்டியே தவணைக்காரர்கள் எல்லார் மேலும் போட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் அதை வெளிப்படையாகவே எழுதலாமே: 'ஒரே தடவை 20,000. தவணையில் மொத்தம் 22,000. கூடுதல் 2,000 தவணைக்கானது.' நல்ல அறிவிப்புக்கு இந்த மூன்று வரி போதும்.

அவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போன வருடம் 100 பேர், தலைக்கு 18,000. வருமானம் 18 லட்சம். இந்த வருடம் ஒரு சிலர் தவணையில் கட்டினாலே மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சேவைத் தொழிலில் ஒரு நிதியாண்டில் 20 லட்சத்தைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், டியூஷனுக்கு வரி 18 சதவீதம். பள்ளிக்கூடத்துக்கு உள்ள வரிவிலக்கு டியூஷனுக்குக் கிடையாது. பதிவு செய்த பிறகு 20,000 ரூபாயை 'வரி உட்பட' என்று வாங்கினால் சென்டருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 16,950. கட்டணத்தை ஏற்றியும் போன வருடத்தைவிடக் குறைவாகவே கைக்கு வரும். 'வரி தனி' என்று வாங்கினால் பெற்றோருக்கு 3,600 ரூபாய் கூடுகிறது. ஆகவே அறிவிப்பின் அடியில் 'வரி தனி' என்ற இரண்டு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வரி வாங்குகிறவர் ரசீதில் 15 இலக்கப் பதிவு எண்ணைப் போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். எண் இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அறிவிப்பு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களைக் கருத்தில் கொண்டது அது. நடந்துகொண்டிருக்கும் படிப்புக்கு நடுவில் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்கிறது. முழுக் கட்டணம் கட்டியவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நம் கணக்கில், 20,000 கட்டிவிட்டு நான்கு மாதத்தில் நின்றால் 12,000 திரும்ப வர வேண்டும். இது மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட நெறிமுறை, தானே ஒரு சட்டம் அல்ல. ஆனால் பேச்சுவார்த்தையில் எடுத்துக்காட்ட வலுவான ஆதாரம். மே மாத அறிவிப்பு புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சரி. பிளஸ் ஒன்னிலேயே இரண்டு வருடப் படிப்பு என்று சேர்த்து ரசீது கொடுத்திருந்தால், நடுவில் உயர்த்துவதைத் தட்டிக் கேட்கலாம். அந்தப் பழைய ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற வரி எல்லா அறிவிப்பிலும் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்தக் கட்டணத்தில் 2,000 ரூபாய் மிச்சம் என்று ஆசைப்படுகிறவர் இந்த வரி இருந்தால் யோசிக்க வேண்டும். பிள்ளைக்குச் சென்டர் பிடிக்காமல் போனால் முழுப் பணமும் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மாதத் தவணையின் கூடுதல் 2,000 ஒரு பாதுகாப்புக்கான விலை. மூத்த பிள்ளை படித்த சென்டர் என்றால் மொத்தமாகக் கட்டலாம். புது இடம் என்றால் மாதத் தவணையே மேல்.

'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லிச் செல்போனில் ஆதாரும் ஓ.டி.பி.யும் கேட்டால் மட்டும் நில்லுங்கள். அது சென்டர் தரும் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். சென்டர் தன் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொள்ளும். பிள்ளை நின்றாலும் சென்டரையே மூடினாலும் கடன் உங்களோடு இருக்கும். கட்டத் தவறினால் கடன் வரலாற்றில் பதிவாகும்.

மொத்தத் தொகை, தவணைத் தேதிகள், தாமதமானால் எவ்வளவு, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்ற நான்கையும் சென்டரின் முத்திரையோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.