மாதிரியைப் பார்த்து எழுதும் சாட்பாட்

இட்லி மாவு விற்கும் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பொருள், அளவு, நாள் என்று ஒரே வரியாகப் பிரித்துத் தரும்படி சாட்பாட்டிடம் கேட்கிறார் கடைக்காரர். ஒரு தடவை ‘2 கிலோ’ என்று வரும், மறு தடவை ‘இரண்டு கிலோகிராம்’ என்று வரும். சில நேரம் ‘இதோ நீங்கள் கேட்ட விவரம்’ என்று முன்னுரையும் சேர்ந்துகொள்ளும். படிப்பவருக்குப் புரியும், ஆனால் அப்படியே எக்செல்லில் ஏற்ற முடியாது.

இதற்காக விதிகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, செய்து முடித்த சில மாதிரிகளைக் காட்டுவது சுலபம்.

```
செய்தி: அண்ணே, நாளைக்கு ரெண்டு கிலோ இட்லி மாவு
பதில்: இட்லி மாவு | 2 கிலோ | நாளை

செய்தி: கடை எப்ப திறப்பீங்க?
பதில்: ஆர்டர் அல்ல

செய்தி: அரை கிலோ அடை மாவு வேணும்
பதில்: அடை மாவு | 0.5 கிலோ | சொல்லவில்லை

செய்தி: ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ தோசை மாவு
பதில்:
```

கடைசி ‘பதில்:’ காலியாக இருக்கிறது. எழுதியதன் தொடர்ச்சியாக எது வரும் என்று கணிப்பதுதான் சாட்பாட்டின் அடிப்படை வேலை. மேலே காட்டிய வடிவத்தையே தொடர்ந்து, ‘தோசை மாவு | 1 கிலோ | ஞாயிறு’ என்று அது முடிக்கும். இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை என்பதை ஜிபிடி-3 பற்றி ஓபன்ஏஐ 2020இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விரிவாகக் காட்டியது.

இந்த மூன்றில் அடை மாவு மாதிரிதான் முக்கியம். எல்லா மாதிரியிலும் நாள் இருந்தால், நாள் சொல்லாத ஆர்டருக்கும் ‘நாளை’ என்று சாட்பாட் தானாகவே நிரப்பிவிடக்கூடும். விவரம் இல்லாதபோது என்ன எழுதுவது என்பதையும் காட்டியாக வேண்டும். மாதிரிகளின் வரிசையையும் கவனிக்க வேண்டும். அதிகமாக வந்த பதிலையும் கடைசியில் வந்த பதிலையும் நோக்கி ஜிபிடி-3 சாய்கிறது என்று 2021இல் ஓர் ஆய்வு கண்டது. அதனால் ஒரே வகைப் பதிலைக் கடைசியில் குவிக்காமல் கலந்து வைப்பது நல்லது.

சோதிக்கும்போது மாதிரியில் இல்லாத செய்திகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘ஒரு கிலோ இட்லி மாவு, அரை கிலோ அடை மாவு’ என்று ஒருவர் கேட்டால், பதில் ஒரு வரியாகவும் வரலாம், இரண்டு வரியாகவும் வரலாம். அப்படித் தடுமாறினால் அந்த வகைக்கும் ஒரு மாதிரி சேர்க்க வேண்டும்.

மாதிரி சரிசெய்வது வடிவத்தைத்தான். ‘ஒன்றரை கிலோ’வை 0.5 என்று எழுதினாலும் வரி ஒழுங்காகவே தெரியும்; கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே மாவு அளப்பதற்கு முன் அளவை மட்டுமாவது மூலச் செய்தியோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.