காவல் நிரல்

மாணவர்களே, x + y + z = 6, 2x − y + z = 3, x + 2y − z = 2 ஆகியவற்றின் எண்களை அணியாக எழுதி, நிரைதோறும் கூட்டுத்தொகையை இறுதியில் சேர்த்துக்கொள்க. இதனை நான் காவல் நிரல் என்பேன்.

1, 1, 1 | 6 | 9
2, −1, 1 | 3 | 5
1, 2, −1 | 2 | 4

இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் இருமடங்கைக் கழித்தால் 0, −3, −1, −9 கிடைக்கும். −1 − 2 என்பதை 1 என எழுதிவிடுவோரைப் பலமுறை கண்டுள்ளேன். காவல் நிரலிலோ 5 − 18 = −13. சரியான நிரையின் கூட்டுத்தொகையும் அதுவே. பிழையான நிரையினது −9 ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் நிரையிலிருந்து முதல் நிரையைக் கழிக்க 0, 1, −2, −4; காவல் எண் −5. இதன் மும்மடங்கை முன்பு பெற்ற நிரையுடன் கூட்ட 0, 0, −7, −21. காவல் எண் −28. ஆகவே z = 3; பின்னோக்கிச் செல்ல y = 2, x = 1.

வினாவையே தவறாகப் படியெடுத்திருப்பின் காவல் நிரல் அறியாது. எனவே விடைகளை வினாத்தாளிலுள்ள மூன்று சமன்பாடுகளிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.