முக்கால்வாசி திரும்பி வரட்டும்

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்கு ஹேபர் முறை என்றதும் ஒரு தேர்வுக் கேள்வி ஞாபகம் வரும். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்ய உகந்த நிலைகள் எவை? 450 டிகிரி வெப்பம், 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த நிலையில்கூட, உலைக்குள் போகும் வாயுவில் பெரும்பகுதி அம்மோனியா ஆகாமலே வெளியே வருகிறது. இத்தனை வீணான ஒரு முறையில்தான் உலகமே உரம் தயாரிக்கிறதா என்று வகுப்பில் யாராவது கேட்டிருந்தால், பாடம் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

சிக்கலின் வேர் இதுதான். N2 + 3H2 ⇌ 2NH3 என்ற இந்த வினை வெப்பத்தை வெளியேற்றும் வினை; இரு திசையிலும் நடக்கக்கூடியது. சூடு ஏற ஏற, உருவான அம்மோனியா மறுபடி உடைந்து பழைய வாயுக்களாகப் பிரிய ஆரம்பிக்கிறது. அழுத்தம் அதன் எதிர்ப்பக்கம் நிற்கிறது. நான்கு பங்கு வாயு சுருங்கி இரண்டு பங்கு ஆவதால், அழுத்த அழுத்த அம்மோனியா பக்கம் சாய்கிறது. 100 வளிமண்டல அழுத்தத்தில், 200 டிகிரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி, கடைசியில் கலவையில் 80 சதவீதத்துக்கு மேல் அம்மோனியா இருக்கும். அதே அழுத்தத்தில் 400 டிகிரியில் 25 சதவீதம். 500 டிகிரியில் சுமார் 10. 600-க்குப் போனால் ஐந்துகூடத் தேறாது.

அப்படியானால் 200 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. மேலே சொன்ன ‘எவ்வளவு நேரம் காத்திருந்தாலும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நைட்ரஜனின் இரு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் கட்டுண்டவை. அதை அறுக்காமல் எதுவும் நடக்காது. குளிர்ந்த நிலையில் இந்தக் கலவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கணக்குப்படி கிடைக்க வேண்டிய அம்மோனியா கணக்கிலேயே நின்றுவிடும். அளவு வேண்டுமென்றால் குளிர் வேண்டும், வேகம் வேண்டுமென்றால் சூடு வேண்டும். இரண்டும் ஒரே உலையில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன.

ஃபிரிட்ஸ் ஹேபர் 1905 வாக்கில் 1000 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் பார்த்தபோது கிடைத்தது நூற்றில் ஒரு சதவீதம் அளவுக்கு மட்டுமே. அத்தோடு விட்டிருக்க வேண்டிய முயற்சி அது. அவர் கேள்வியை மாற்றினார். ஒரே தடவையில் எல்லாம் மாற வேண்டும் என்று யார் சொன்னது? சிறிதளவு அம்மோனியா உருவானதும் வாயுவைக் குளிர்விப்போம். அம்மோனியா மட்டும் திரவமாகிக் கீழே இறங்கும். மீதியை அழுத்தம் குறையாமல் திரும்ப உலைக்கே அனுப்புவோம். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால், ஒரு சுற்றில் எத்தனை சதவீதம் என்பதைவிட ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் என்பதுதான் முக்கியமாகிறது. 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூவ நகரில், ராபர்ட் லெ ரொசின்யோல் வடிவமைத்த கருவியை வைத்து பாஸ்ஃப் நிறுவனத்தாருக்கு அவர் இதைச் செய்துகாட்டினார். சொட்டுச் சொட்டாகத் திரவ அம்மோனியா இறங்கியது. ஹேபர் முறையின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தச் சுற்றுதான் என்பது என் கருத்து. பாடநூல்களோ இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அன்று அவர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம். அற்புதமாக வேலை செய்தது. ஆனால் உலகத்திலேயே நூறு கிலோ அளவுக்குத்தான் கைவசம் இருந்தது. பாஸ்ஃப் அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, கூடவே மாற்றையும் தேடியது. அந்தத் தேடலை நடத்திய ஆல்வின் மிட்டாஷ், சிறு சிறு சோதனை உலைகளில் ஆயிரக்கணக்கான கலவைகளைப் போட்டுப் பார்த்தார். சுத்தமான இரும்பு சுமாராகத்தான் இருந்தது. ஸ்வீடனின் யெல்லிவாரே சுரங்கத்திலிருந்து வந்த ஒரு காந்தத் தாது மட்டும் எதிர்பாராமல் நன்றாக வேலை செய்தது. காரணம் இரும்பில் இல்லை, அதிலிருந்த கலப்படத்தில் இருந்தது. அலுமினா போன்றவை இரும்பின் நுண்துளைகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்துபோகாமல் காக்கின்றன. பொட்டாசியம், நைட்ரஜன் இரும்பின் பரப்பில் அமர்ந்து உடைவதை எளிதாக்குகிறது. இந்த வினையில் மற்ற எல்லாப் படிகளையும் தாமதப்படுத்துவது அந்த ஒரு படிதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வினையூக்கி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும் எல்லையை மாற்றாது. 500 டிகிரியில் 10 சதவீதம்தான் எல்லை என்றால், அங்கே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்; அதைத் தாண்டாது. அதனால் கிடைக்கும் மறைமுக லாபம் வேறு: அதே வேகத்தைக் குறைந்த சூட்டில் பெற முடிவதால், எல்லை அதிகமாக இருக்கும் பக்கம் நாம் நகர முடிகிறது.

அழுத்தத்துக்கான விலையைக் கொடுத்தவர் கார்ல் போஷ். ஆரம்ப உலைகளின் எஃகுச் சுவர்கள் எண்பது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வெடித்தன. உடைந்த துண்டுகளை ஆராய்ந்தபோது, சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலு தரும் கார்பனைத் தின்றுவிட்டிருந்தது தெரிந்தது. சுவரைத் தடிமனாக்கிப் பயனில்லை. போஷ் ஒரே சுவரிடம் இரண்டு வேலை கேட்பதை நிறுத்தினார். உள்ளே கார்பன் இல்லாத மெல்லிய மென்னிரும்பு உறை. ஹைட்ரஜனைத் தாங்குவது அதன் வேலை. வெளியே கனத்த எஃகு. அழுத்தத்தைத் தாங்குவது அதன் வேலை. உறையைத் தாண்டிக் கசியும் கொஞ்சம் ஹைட்ரஜன் எஃகில் தேங்காமல் வெளியேற, வெளிச்சுவரில் சிறு துளைகள் போடப்பட்டன. அழுத்தக் கலத்தில் வேண்டுமென்றே ஓட்டை போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். 1913-இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது இந்த உலைகளோடுதான்.

இன்றைய உலைக்குள் நடப்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்ப்போம். அழுத்தம் 150 வளிமண்டலம். வரும் வாயுவில் ஏற்கெனவே 3 சதவீதம் அம்மோனியா இருக்கிறது. அது திரும்பி வரும் வாயுவில் முழுவதும் பிரியாமல் எஞ்சியது. வாயு 400 டிகிரியில் முதல் வினையூக்கிப் படுகைக்குள் நுழைகிறது. இங்கே எல்லை சுமார் 32 சதவீதம், ஆகவே நிறைய இடமிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஒரு சதவீத அம்மோனியா கூடும்போதும் வாயு ஏறத்தாழ 15 டிகிரி சூடாகிறது. 10 சதவீதத்தைத் தாண்டும்போது வெப்பநிலை 500-ஐக் கடந்துவிட்டது. அங்கே எல்லையே 14 சதவீதம் அளவுக்கு இறங்கி வந்துவிட்டது. வினை தன் சூட்டாலேயே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. இனி வினையூக்கியைக் கொட்டிக் குவித்தாலும் பலனில்லை.

எனவே அங்கே நிறுத்தி, உள்ளே வரும் குளிர்ந்த வாயுவோடு வெப்பத்தைப் பரிமாறி 420 டிகிரிக்கு இறக்கி, இரண்டாம் படுகைக்கு அனுப்புகிறார்கள். அங்கே 15 சதவீதம் வரை ஏறும். மறுபடி குளிர்வித்து மூன்றாவது படுகை. வெளியே வரும்போது 18 சதவீதம். ஆக 450 டிகிரி என்று பாடநூல் சொல்வது ஒரே எண் அல்ல. 400-க்கும் 500-க்கும் இடையே ஏறி இறங்கும் ஒரு பாதையின் சராசரி. முன்பகுதியில் வேகத்துக்காகச் சூடு, பின்பகுதியில் எல்லைக்காகக் குளிர்ச்சி என்று மல்லுக்கட்டுக்குப் பஞ்சாயத்து செய்தாகிவிட்டது.

18 சதவீதம் என்றால், உள்ளே போன நைட்ரஜன், ஹைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாறியிருக்கிறது. முக்கால்வாசி சுற்றில் திரும்பி வருகிறது, அது வீணாவதில்லை. ஆனால் சுற்றுக்கும் செலவு உண்டு. காற்றிலிருந்து நைட்ரஜனோடு ஆர்கானும், இயற்கை எரிவாயுவை ஹைட்ரஜனாக்கும் பகுதியிலிருந்து எஞ்சிய மீத்தேனும் வருகின்றன. இவை வினைபுரிவதில்லை, திரவமாவதுமில்லை. சுற்றுக்குள் சேர்ந்துகொண்டே போய் அழுத்தத்தில் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் வாயுவை எப்போதும் வெளியே விட வேண்டியிருக்கிறது. அதில் விலையுயர்ந்த ஹைட்ரஜனும் சேர்ந்து போகும். இப்போது பல ஆலைகள் அதைப் பிரித்து மீட்டுக்கொள்கின்றன.

சுற்று சரியாக ஓடவில்லை என்பதை முதலில் சொல்வது அழுத்தமானிதான். அம்மோனியா குறைவாக உருவானால் வினைபுரியாத வாயு சேர்ந்து சுற்றின் அழுத்தம் மெல்ல ஏறும். முதல் படுகையில் வெப்பநிலை ஏற்றம் குறைந்து, சூடான பகுதி கீழ்நோக்கி நகர்ந்தால், வினையூக்கிக்கு நஞ்சு ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். கார்பன் மோனாக்சைடோ நீராவியோ பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே இரும்பின் பரப்பில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ளும். நல்ல சுத்தமான வாயு கொடுத்தால் தண்டவாள இரும்பைப் போல அதே வினையூக்கி பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது.

சரி, 150 எதற்கு, 300 ஏன் கூடாது? சிலர் அதற்கும் மேலே போனார்கள். பிரான்ஸில் ஜார்ஜ் குளோத் ஏறத்தாழ 1000 வளிமண்டலத்தில் ஓட்டினார். அழுத்துவதற்கான ஆற்றல் நாம் நினைப்பதுபோல ஏறுவதில்லை. சுமார் 27 வளிமண்டலத்தில் வரும் வாயுவை 150-க்குப் பதில் 300-க்கு உயர்த்த, இருமடங்கு ஆற்றல் ஆகாது. 40 சதவீதம் போலத்தான் கூடும். செலவு கனத்த கலத்திலும், குழாய்களிலும், இயந்திரங்களிலும் வருகிறது. 1960-களில் கெல்லாக் நிறுவனம் சுழல்விசைக் கம்ப்ரஸர்களை வைத்து ஒற்றை வரிசைப் பெரிய ஆலைகளைக் கட்டியபோது, 150-ஐ ஒட்டிய அழுத்தமே அந்த இயந்திரங்களுக்குத் தோதாக அமைந்தது. ஒரேயடியாக இறக்கவும் முடியாது. அழுத்தம் குறைந்தால் அம்மோனியாவைத் திரவமாக்க இன்னும் ஆழமாகக் குளிர்விக்க வேண்டும். கம்ப்ரஸரில் மிச்சம் பிடித்தது குளிர்பதனத்தில் போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கை: ஒரு டன் அம்மோனியாவுக்கு நல்ல ஆலையில் செலவாகும் சுமார் 28 கிகா ஜூலில் பெரும்பகுதி ஹைட்ரஜன் தயாரிப்பதிலேயே போகிறது. 18-ஐ 20 ஆக்குவதைவிட ஹைட்ரஜனைச் சிந்தாமல் காப்பது பல நேரங்களில் அதிக லாபம்.

அதனால்தான் இரும்பை வெல்வது கடினமாக இருக்கிறது. ருத்தீனியம் வினையூக்கி இரும்பைவிடச் சுறுசுறுப்பானது. அம்மோனியா நிறைந்த இடத்திலும் சோர்ந்துபோகாது. கார்பன் மேல் பூசிய ருத்தீனியத்தை வைத்து 1992-இல் கனடாவின் கிட்டிமாட்டில் ஓர் ஆலை ஓடியது. அந்த முறையில் 90 வளிமண்டலம் அளவே போதும். ஆனால் ருத்தீனியம் அரிய உலோகம். அதைத் தாங்கும் கார்பனையோ ஹைட்ரஜன் மெல்ல மெல்ல மீத்தேனாக்கித் தின்கிறது; போஷின் எஃகுக்கு நேர்ந்த அதே வகைச் சேதம். இரும்பு கிலோ கணக்கில் மலிவு, தேய்ந்த பிறகு தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை. சில ஆலைகள் முதல் படுகையில் இரும்பை வைத்துப் பெரும்பகுதி வேலையை வாங்கிக்கொண்டு, எல்லையை நெருங்கும் கடைசிப் படுகைகளில் மட்டும் ருத்தீனியத்தை வைக்கின்றன.