பெரியம்மாவுக்கு ஒரு வாழ்த்து, குரல் வழியே

விரலால் தமிழ் தட்டும்போது நேரும் பிழை கண்ணில் குத்தும். ‘வாழ்த்து’ என்பது ‘வாழ்தது’ ஆகிவிட்டால் படிப்பவர் உடனே நின்றுவிடுவார். குரலில் எழுதும்போது நேரும் பிழையோ நல்ல தமிழ்ச் சொல்லாகவே வந்து உட்காரும். பேச்சைக் கேட்டு எழுதும் கருவி பெரும்பாலும் தனக்குத் தெரிந்த சொற்களிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வு தவறினாலும் எழுத்து பிசகாது. அதனால்தான், அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை தேடி மேலோட்டமாகப் பார்ப்பது போதாது என்கிறேன். நாம் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, வந்திருப்பதோடு சொல்சொல்லாக ஒப்பிட வேண்டும்.

கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழை மொழியாகச் சேர்த்து, பூகோளப் பொத்தானால் தமிழுக்கு மாறிய பிறகே ஒலிவாங்கிப் படத்தைத் தொட வேண்டும். ஆங்கிலத்தில் விட்டுவிட்டுத் தமிழில் பேசினால், நம் ஒலிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஆங்கிலச் சொற்கள் வந்து விழும். பேசத் தொடங்கியதும் கருவி இரண்டு கேள்விகளை எடைபோடுகிறது: கேட்ட ஒலி எந்தச் சொல்லுக்கு நெருக்கம்? இந்த இடத்தில் எந்தச் சொல் வழக்கமாக வரும்? இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை ஈப்போவின் குனோங் ராபாட்டில் இருந்தபடியே சோதிக்கலாம். அங்கே சுண்ணாம்பு மலையும் உண்டு, மாலை மழையும் உண்டு. நம்மில் பலர் ‘ழ’வை ‘ள’ போலத்தான் ஒலிக்கிறோம். ‘மழை’ என்று தனியாகச் சொன்னால் ‘மலை’ வர வாய்ப்பு உண்டு. ‘மழை பெய்யுது’ என்று சேர்த்துச் சொன்னால் பக்கத்துச் சொல் அதைக் காப்பாற்றிவிடும். ‘வாழ்த்து’ என்ற சொல்லை நாக்கு புரளாமல் சொன்னாலும் சரியாக வருவது இதனால்தான். அதன் இடத்துக்கு வேறு போட்டி இல்லை.

ஆட்பெயருக்கு அந்தக் காப்பு கிடையாது. குனோங் ராபாட்டில் இருக்கும் ஒருவர் தன் பெரியம்மாவுக்கு இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “பெரியம்மா, பிறந்தநாள் வாழ்த்துகள். நோய் நொடி இல்லாமல் நூறாண்டு வாழணும். சாயங்காலம் மாறனோட வீட்டுக்கு வர்றேன்.” திரையில் இப்படி வரக்கூடும்: “பெரிய அம்மா பிறந்தநாள் வாழ்த்துக்கள் நோய் நொடி இல்லாமல் நூறு ஆண்டு வாழணும் சாயங்காலம் மாரனோட வீட்டுக்கு வரேன்”. நிறுத்தக்குறி ஒன்றுகூட இல்லை. அதை நாமே போட வேண்டும். ‘வாழ்த்துக்கள்’ பலரும் எழுதுவதுதான், ‘க்’ வேண்டாம் என்போர் எடுத்துவிடலாம். ‘நூறு ஆண்டு’ பிரிந்ததால் கெடுதல் இல்லை. ஆனால் ‘பெரிய அம்மா’ என்று பிரிந்ததும் உறவே குலைந்துவிட்டது. மாறன் பாண்டியர் சூடிய பெயர், மாரன் மன்மதன். இரண்டும் அகராதிச் சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு எதுவும் எச்சரிக்காது. ‘பாசார் மாலாம்’ போன்ற மலாய்ச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் ஏதாவது தமிழ்ச் சொல்லாக உருமாறி வரலாம்.

இவற்றைவிட நான் அஞ்சுவது இடைநிறுத்தத்தை. யோசித்து யோசித்துப் பேசுவோர் சில நொடி மௌனமானால் ஒலிவாங்கி தானே அணைந்துவிடும். பேசுபவர் அதை அறியாமல் தொடர்வார். ‘நோய் நொடி’க்குப் பிறகு அப்படி நின்றால் ‘இல்லாமல்’ விடுபட்டு, வாழ்த்து எதிர்ப்பொருளாகிவிடும். எனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்தில் முடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்வதும், பொத்தான் எரிகிறதா என்று பார்த்து அடுத்ததைத் தொடங்குவதும் நல்லது.

“தப்பாக வந்தால் என்ன, வீட்டாருக்குப் புரியாதா?” என்று கேட்கலாம். ‘வாழ்த்துக்கள்’ விஷயத்தில் அது நியாயமே. பெயரும் உறவுமுறையும் வேறு. வாழ்த்துப் பெறுபவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். குரல் பதிவையே அனுப்பிவிடலாமே என்பதும் நல்ல யோசனை, தனியாக அனுப்பும்போது. புலனக் குழுவில் ஐம்பது பேர் நடுவே பதிவைத் திறந்து கேட்பவரைவிட ஒரு வரியைப் படிப்பவர் அதிகம் என்பது என் கணிப்பு. அப்படியானால் முழுதும் தட்டச்சு செய்தால் என்ன? மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 முதல் கைப்பேசியில் அதற்கு வழி தந்திருக்கிறது; கை பழகியவருக்கு அது போதும். பழகாதவர் வாக்கியங்களைக் குரலுக்கு விட்டு, பெயரை மட்டும் விரலால் தட்டலாம். பெயரை மறுபடி தனியாகச் சொல்லிப் பார்ப்பதில் அதிகப் பயனில்லை, ‘ர’வும் ‘ற’வும் நம் பேச்சில் ஏறக்குறைய ஒன்றே. ‘மாரனோட’ என்பதில் ‘ர’வுக்குப் பின்னால் விரலை வைத்து ஒருமுறை அழித்து ‘ற’ தட்டினால் போதும். அதே இடத்தில் ‘ரி’ இருந்தால் முதல் அழிப்பில் கொக்கி மட்டும் போகும், எழுத்து போக இன்னொரு முறை அழுத்த வேண்டும்.